வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவ உதவி வேண்டுகோள்: அந்தக் கணக்கு யாருடையது என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். எங்கள் தொடர்மாடிக் குழுவில் ஒரு செய்தி வந்தது. மஹரகம வைத்தியசாலையில் இருக்கும் 6 வயதுப் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய், சென்னையில் எலும்பு மச்சை மாற்ற வேண்டும், 1 கோடி 20 லட்சம் ரூபா தேவை, வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பிள்ளை பிழைக்காது என்று இருக்கிறது. பிள்ளையின் படம், வைத்தியர் கடிதம், வங்கிக் கணக்கு எல்லாம் உண்டு. ஆனால் கணக்கு வேறொருவர் பெயரில். அனுப்பினவருக்கும் அந்தக் குடும்பத்தைத் தெரியாது. இதை எப்படிச் சரிபார்ப்பது? உண்மையாக இருந்து நான் உதவாமல் விட்டுவிட்டால்?

பதில்:

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மருத்துவ உதவிக் குழுவில் இப்படி வரும் வேண்டுகோள்களைச் சரிபார்ப்பது நீண்ட காலமாக என் பொறுப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளையின் படத்தையும் வைத்தியர் கடிதத்தையும் பார்த்து "நோய் உண்மைதான்" என்று மனம் சமாதானம் ஆனதும் பெரும்பாலானவர்கள் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். நோய் உண்மை என்பதற்குச் சான்று கிடைத்தால், கணக்கும் உண்மை என்று ஆகிவிடாது. நான் பார்த்தவற்றில் கண்டுபிடிக்கக் கடினமானவை முழுப் பொய்கள் அல்ல. உண்மையான ஒரு குடும்பம் கண்ணீரோடு எழுதின வேண்டுகோளை எடுத்து, படம், கடிதம், பிள்ளையின் பெயர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, கணக்கு இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் மாற்றி அனுப்புவார்கள். அதில் வைத்தியசாலைக்கு அழைத்து விசாரித்தாலும் "ஆம், அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது" என்றுதான் பதில் வரும். பணம் மட்டும் வேறு எங்கோ போகும். ஆகவே நோயாளியிலிருந்து கணக்கு வரைக்கும் உள்ள தொடர்பைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். உங்களுக்கு வந்த செய்தியையே வைத்துப் பார்ப்போம்.

முதலில் அந்த வெள்ளிக்கிழமை. இரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மச்சை மாற்றுவது ஓரிரு நாளில் முடிவெடுத்துச் செய்கிற காரியம் இல்லை. சிறுவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கீமோ மருந்துகள்தான். அது பல நேரம் இரண்டு, மூன்று வருடம் நீளும். அதை மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். நோய் திரும்பி வந்தாலோ, ஆரம்பத்திலேயே ஆபத்து அதிகமான வகை என்று தெரிந்தாலோதான் மச்சை மாற்றும் பேச்சு வரும். அப்போதும் முதலில் மருந்தால் நோயை அடக்க வேண்டும். பிறகு பொருத்தமான கொடையாளர் வேண்டும். கூடப் பிறந்தவர்களின் இரத்தத்தை எடுத்து, பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை செய்வார்கள். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். பொருந்தாவிட்டால் பெற்றோரில் ஒருவர் பாதிப் பொருத்தத்தோடு கொடுக்கலாமா என்று பார்ப்பார்கள். இதற்கெல்லாம் வாரக் கணக்கில், சில நேரம் மாதக் கணக்கில் நேரம் போகும். அதோடு இந்தியாவுக்குப் போவதென்றால் பிள்ளைக்குத் தனிக் கடவுச்சீட்டு, மருத்துவ விசா, அந்த விசாவுக்காக அங்குள்ள மருத்துவமனையின் கடிதம் எல்லாம் வேண்டும்.

இவ்வளவையும் தாண்டி வந்த குடும்பத்துக்குக் கையில் நிறையக் கடிதங்கள் இருக்கும். செலவு மதிப்பீடு, பிள்ளையின் பெயரில் அந்த மருத்துவமனை கொடுத்த நோயாளி இலக்கம், அனுமதிக்கும் திகதி எல்லாம் இருக்கும். முற்பணம் கட்ட ஒரு கடைசித் திகதி இருப்பதும் உண்மையாகவே நடக்கிற விஷயம். அதனால் "வெள்ளிக்கிழமை" என்ற சொல் மட்டும் பொய்க்கு அடையாளம் ஆகாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை யார் குறித்தார்கள் என்பதற்கு ஒரு கடிதம் இருக்க வேண்டும். "வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் கட்டினால் அடுத்த மாதம் இன்ன திகதியில் சேர்ப்பார்கள்" என்று எழுதியிருந்தால் அது குடும்பம் பேசுகிற பேச்சு. "வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் பிள்ளை இல்லை" என்று எழுதியிருந்தால், அந்த வரி உங்களை விசாரிக்க விடாமல் அவசரப்படுத்தத்தான் எழுதப்பட்டது. அதை எழுதினவர் குடும்பத்தின் மேல் இரக்கப்பட்ட ஒரு நல்ல மனிதராகவும் இருக்கலாம். கைமாறிக் கைமாறிப் போகும்போது ஆளுக்கு ஒரு வரி சேர்ப்பதையும் பார்த்திருக்கிறேன். எப்படியானாலும் அந்த வரியை எடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள். அதற்குப் பிறகு செய்தியில் சரிபார்க்கக்கூடிய விவரம் எத்தனை மிஞ்சுகிறது என்று பாருங்கள். சில வேண்டுகோள்களில் பிள்ளையின் முழுப் பெயர்கூட மிஞ்சாது.

"எலும்பு மச்சை ஆபரேஷன்" என்று எழுதியிருந்தால் அதையே ஒரு பிழையாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். உண்மையில் அது நோயாளிக்கு வெட்டித் தைக்கிற சத்திரசிகிச்சை இல்லை, இரத்தம் ஏற்றுவது போல இரத்த நாளம் வழியாக ஏற்றுவதுதான். ஆனாலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே அதை ஆபரேஷன் என்றுதான் சொல்கின்றன. எழுத்துப்பிழை, மொழிப்பிழை, தவறான மருத்துவச் சொல் எதுவும் ஏமாற்றுக்குச் சான்று அல்ல. தோட்டத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ மஹரகமவுக்கு வந்து பிள்ளையோடு வார்டில் படுத்திருக்கும் ஒரு தாய் அழகாக எழுதித் தரமாட்டார். உண்மையான ஏழைக் குடும்பங்களை நாம் தட்டிக்கழிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதேபோல் இன்னொரு வாதமும் அடிக்கடி கேட்கும்: "அரச வைத்தியசாலையில் எல்லாம் இலவசம்தானே, பிறகு எதற்குக் காசு?" இது பாதிதான் சரி. வார்டும் வைத்தியரும் இலவசம். ஆனால் மருந்து கையிருப்பில் இல்லாமல் வெளியே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுப்பதும், சில பரிசோதனைகளை வெளியே செய்யச் சொல்வதும், சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பதும் எல்லோரும் அறிந்ததே. ஆகவே பணம் எதற்கு என்ற கேள்விக்கு உண்மையான குடும்பத்திடம் ஒரு தெளிவான பதில் இருக்கும்.

இனி வைத்தியர் கடிதம். இங்கே இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், "டு ஹூம் இட் மே கன்சேர்ன்" என்று தொடங்கும். முதலில் படத்தின் நாலு ஓரத்தையும் பாருங்கள். மேலே வைத்தியசாலையின் பெயரும் திகதியும், கீழே கையெழுத்தும் சீலும் வெட்டப்பட்டிருந்தால் உங்கள் கையில் கடிதமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீலில் வழக்கமாக வைத்திய நிபுணரின் பெயர், பட்டங்கள், பதவி இருக்கும், பல நேரம் இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கமும் இருக்கும். மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரையோ இலக்கத்தையோ அடித்து, அப்படி ஒருவர் பதிவில் இருக்கிறாரா என்று யாரும் பார்க்கலாம். பிள்ளைக்குப் புற்றுநோய் என்று எழுதின கடிதத்தில் எலும்பு முறிவு நிபுணரின் சீல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நல்ல கடிதத்தில் நோயின் வகை, எப்போது கண்டுபிடித்தார்கள், இதுவரை என்ன சிகிச்சை, இனி என்ன வேண்டும் என்று நாலைந்து வரியில் இருக்கும். வங்கிக் கணக்கு இலக்கம் இருக்காது. வைத்தியர் கடிதத்துக்குள்ளேயே கணக்கு இலக்கம் அச்சாகியிருந்தால், பிறகு யாரோ சேர்த்தது என்றே எடுங்கள்.

திகதியை மறக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி உங்களிடம் வந்திருக்கிறது. அப்படிச் சுற்றுகிற வேண்டுகோள்களில் பல ஏமாற்றே அல்ல, பழசு. பணம் சேர்ந்து பிள்ளை குணமாகி வீட்டில் இருக்கும், அல்லது பிள்ளை இறந்து குடும்பம் அந்தத் துயரத்தில் இருக்கும்போது இன்னும் அந்தப் படம் குழுக்களில் சுற்றும். கடிதத்தில் திகதி இல்லாவிட்டால் செய்தியின் முதல் இரண்டு வரியை அப்படியே பேஸ்புக்கிலும் கூகுளிலும் தேடுங்கள். பிள்ளையின் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு நாட்டில், வேறு பெயரோடு வந்தால் விஷயம் முடிந்தது. அதே படம், அதே பெயர், ஆனால் வேறு கணக்கு இலக்கத்தோடு ஒரு பழைய பதிவு கிடைத்தால் அதுதான் நான் முதலில் சொன்ன மாற்று வேலை. அந்தப் பழைய பதிவில் உள்ள தொலைபேசி இலக்கம் குடும்பத்துடையதாக இருக்கலாம், அதற்கு அழையுங்கள். ஒரே செய்திக்குள்ளேயும் இதைக் கவனிக்கலாம். படத்துக்குள் அச்சான கணக்கு ஒன்று, கீழே எழுத்தில் உள்ள கணக்கு வேறு. அல்லது படத்தில் அந்த இலக்கம் மட்டும் வேறு எழுத்துருவில், பின்னால் ஒரு வெள்ளைப் பட்டையோடு இருக்கும்.

இப்போது கணக்கு. இதில்தான் அதிகம் நேரம் செலவழிக்கச் சொல்வேன், ஏனென்றால் இங்கே ஒரு தவறான நம்பிக்கை எல்லோரிடமும் இருக்கிறது. வங்கிச் செயலியில் பெறுபவரின் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, பெயர் பிழையென்றால் பணம் போகாது என்று நினைக்கிறார்கள். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாக அனுப்பும்போது பணத்தைக் கொண்டு சேர்ப்பது வங்கியும் கணக்கு இலக்கமும்தான். நீங்கள் அடித்த பெயர் பொருந்துகிறதா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று நம்பியிருக்கக் கூடாது. பிள்ளையின் தாயின் பெயரை அடித்து அனுப்புவீர்கள், பணம் யாரோ ஒருவரின் கணக்கில் விழும், உங்கள் பற்றுச்சீட்டில் தாயின் பெயரே இருக்கும். அந்தப் பற்றுச்சீட்டைக் குழுவில் போட்டால் மற்றவர்களும் நம்பி அனுப்புவார்கள்.

பெயரைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பல வங்கிகளின் காசு வைப்பு இயந்திரங்களில் கணக்கு இலக்கத்தை அடித்ததும் கணக்காளரின் பெயர் திரையில் வரும். காசு போடாமல் அங்கேயே ரத்து செய்துவிட்டு வரலாம். அதே வங்கியில் உங்களுக்கும் கணக்கு இருந்தால் சில செயலிகள் உறுதிப்படுத்தும் முன் பெயரைக் காட்டும். கிளையில் கவுண்டரில் ஒரு சிறு தொகை வைப்பிலிடப் போனால், நீங்கள் எழுதின பெயரும் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் காசாளர் சொல்லிவிடுவார். ஆனால் கணக்காளர் எங்கே இருக்கிறார், என்ன தொழில் என்று வங்கியிடம் கேட்காதீர்கள். வங்கி இரகசியச் சட்டம் இருப்பதால் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. உங்கள் விஷயத்தில் அது பெற்றோரின் பெயர் இல்லை. இதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். தாய் பிள்ளையோடு வார்டில், தந்தை வேலையில், வங்கிச் செயலி வைத்திருப்பவர் மாமா ஒருவர்தான் என்பது நம் குடும்பங்களில் சாதாரணம். கேட்டால் அந்த மாமா யார், எந்த ஊர், என்ன முறை என்று தாயே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். தாய்க்குத் தெரியாத ஒருவரின் கணக்கு, அல்லது "எங்கள் நலன்புரி அமைப்பின் செயலாளர்" என்று மட்டும் சொல்லப்படுகிற ஒருவரின் தனிப்பட்ட கணக்கு என்றால் நிறுத்துங்கள். அமைப்பு என்றால் அமைப்பின் பெயரில் கணக்கு இருக்க வேண்டும்.

சில வேண்டுகோள்களில் நம்பிக்கைக்காகப் பெற்றோரின் அடையாள அட்டைப் படத்தையும் இணைத்திருப்பார்கள். அதில் நாமே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. புதிய 12 இலக்க அட்டையில் முதல் நாலு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய அட்டையில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான், அடுத்த மூன்றும் இதே கணக்கு. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ண வேண்டும். தாயின் இலக்கம் 1989732 என்று தொடங்கினால் 732இல் 500 கழித்து 232, அதாவது 1989 ஆகஸ்ட் 19இல் பிறந்த பெண். அட்டையில் பிறந்த திகதி வேறாக இருந்தாலோ, தாய் என்று சொல்லிவிட்டு இலக்கம் 232 என்று இருந்தாலோ அந்த அட்டையைச் சந்தேகப்படலாம். ஆனால் இலக்கம் சரியாக இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. வேறொருவரின் உண்மையான அட்டையைத் திருடிப் போட்டிருந்தாலும் கணக்குச் சரியாகவே வரும். அந்தப் படத்தைத் தயவுசெய்து நீங்கள் மேலும் பரப்ப வேண்டாம். அந்தத் தாயின் பெயரிலேயே வேறு மோசடிகள் நடக்க அது வழிவிடும்.

கிராம சேவகரின் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சீலைப் பார்த்ததும் பலர் வேறெதையும் கேட்பதில்லை. கிராம சேவகர் உறுதிப்படுத்துவது இந்தக் குடும்பம் என் பிரிவில் வசிக்கிறது, நிலைமை கஷ்டம் என்பதைத்தான். நோயையும் தொகையையும் கணக்கு இலக்கத்தையும் அவரால் உறுதிப்படுத்த முடியாது. ஆனால் அந்தக் கடிதத்தால் வேறொரு பெரிய பயன் இருக்கிறது: குடும்பத்தைக் கண்டுபிடிக்க வழி காட்டும். கடிதத்தில் கிராம சேவகர் பிரிவின் பெயரும் இலக்கமும் இருக்கும். 1919 அரச தகவல் நிலையத்துக்கு அழைத்து அந்தப் பிரதேச செயலகத்தின் இலக்கத்தைக் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். செயலகத்தில் அந்தப் பிரிவின் கிராம சேவகரைத் தொடர்புபடுத்துவார்கள். இந்தக் கடிதத்தைக் கொடுத்தீர்களா, குடும்பத்தின் தொலைபேசி இலக்கம் என்ன என்று அவரிடம் கேளுங்கள். வேண்டுகோளில் உள்ள இலக்கத்துக்கு அழைப்பதைவிட இந்தச் சுற்றுவழி மேலானது. மோசடிக்காரர் எழுதிக் கொடுத்த இலக்கத்தில் மோசடிக்காரர்தான் பேசுவார்.

கொழும்பில் இருக்கும் உங்களுக்கு இதைவிடவும் சுலபமான வழி ஒன்று உண்டு. வெள்ளவத்தையிலிருந்து மஹரகம தூரமில்லை. குழுவில் யாராவது ஒருவர், முடிந்தால் ஒரு பெண், பார்வையாளர் நேரத்தில் போய் அந்தத் தாயைச் சந்திக்கலாம். வார்டில் தாதியிடம் பிள்ளையின் நோயைப் பற்றி விசாரிக்க வேண்டாம், அவர்கள் சொல்லக் கூடாது. "இந்தப் பெயருள்ள பிள்ளையின் அம்மாவைப் பார்க்க வந்தோம், அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா" என்று கேட்டால் போதும். தாய் வந்தால் குற்றவாளியை விசாரிப்பது போலக் கேள்வி கேட்காதீர்கள். செய்தியைக் காட்டி, "இது நீங்கள் போட்டதா, இந்த இலக்கம் உங்கள் ஆட்களுடையதா" என்று கேளுங்கள். மச்சை கொடுப்பது யார், கூடப் பிறந்தவர்கள் யாருடையதாவது பொருந்தியதா என்று பேச்சோடு கேளுங்கள். உண்மையான தாய்க்கு அதுதான் இரவும் பகலும் யோசனை. நீங்கள் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிடுவார். "அது எல்லாம் டொக்டருக்குத்தான் தெரியும்" என்று தொலைபேசியில் மட்டும் பேசுகிற ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் சந்தேகப்படலாம்.

தொகையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு இந்திய ரூபாவுக்கு இலங்கை ரூபா மூன்றரை என்று வைத்தால் 1 கோடி 20 லட்சம் என்பது சுமார் 34 லட்சம் இந்திய ரூபா. அன்றைய மாற்று விகிதத்தைப் போட்டு நீங்களே செய்யலாம். சென்னை மருத்துவமனையின் மதிப்பீட்டில் 22 லட்சம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 12 லட்சம் எதற்கு? இதற்கு நல்ல பதில் இருக்கிறது. மச்சை ஏற்றின பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் உள்ளேயும், மொத்தமாக 100 நாள் அளவில் மருத்துவமனைக்குப் பக்கத்திலும் தங்க வேண்டியிருக்கும். வீட்டு வாடகை, சாப்பாடு, கிருமித்தொற்று வந்தால் கூடுதல் மருந்து, மூன்று பேரின் விமானப் பயணம் எல்லாம் மதிப்பீட்டில் அடங்காது. குடும்பம் இப்படிப் பிரித்துச் சொன்னால் தொகை நியாயமானது. மதிப்பீட்டுக் கடிதமே இல்லாமல் முழுத் தொகை மட்டும் இருந்தால் அந்தத் தொகைக்கு அடிப்படை இல்லை. இதுவரை எவ்வளவு சேர்ந்தது என்றும் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பித்தார்களா என்பதும் கேட்கத் தக்கது. 1978இலிருந்து இருக்கும் அந்த நிதியத்துக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காமல் இருந்தால் அது அவர்கள் பொய்யர்கள் என்பதற்கு அடையாளம் இல்லை, பலருக்குத் தெரியாது. நீங்கள் சொல்லிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

எல்லாம் சரியாக வந்த பிறகும் பணத்தைக் கணக்குக்கு அனுப்புவதைவிட, செலவாகும் இடத்தில் நேரடியாகக் கட்டுவதையே நான் விரும்புவேன். வெளிநாட்டு மருத்துவமனையென்றால் அதன் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் உள்ள சர்வதேச நோயாளர் பிரிவுக்கு எழுதி, இந்த நோயாளி இலக்கத்தின் பேரில் பணம் கட்டலாமா என்று கேளுங்கள். நோயைப் பற்றிச் சொல்ல மறுப்பார்கள், ஆனால் அந்த இலக்கம் இருக்கிறதா, பணம் ஏற்பார்களா என்பதற்குப் பதில் கிடைக்கும். அந்தப் பதிலே பெரிய சான்று. கொழும்பில் உள்ள தனியார் வைத்தியசாலை என்றால் காசாளர் பிரிவுக்கே போய் நோயாளியின் அனுமதி இலக்கத்தைச் சொல்லிக் கேட்கலாம். அரச வைத்தியசாலையில் மருந்து வாங்கத்தான் பணம் என்றால் வைத்தியர் எழுதின சீட்டை வாங்கி, ஒசுசலயிலோ வேறு மருந்தகத்திலோ நீங்களே வாங்கித் தாயின் கையில் கொடுங்கள். "மருந்து வேண்டாம், காசாகவே போடுங்கள்" என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால் காரணம் கேளுங்கள். பஸ் செலவும் வீட்டில் மற்றப் பிள்ளைகளின் சாப்பாடும் உண்மையான காரணங்கள்தான், அதற்குச் சிறு தொகை கொடுக்கலாம்.

யாராவது ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், சந்தேகம் வந்த உடனேயே அவர் தன் வங்கியின் 24 மணி நேர இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். உடனடிப் பரிமாற்றத்தில் போன பணத்தை வங்கி தானாகத் திருப்பி எடுக்க முடியாது. மற்ற வங்கிக்கு அறிவித்து, பணம் இன்னும் அங்கே இருந்தால் தடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் முடியும். அதனால் மணிக்கணக்கில் தாமதித்தால் பயன் குறையும். செய்தி, பற்றுச்சீட்டு, தொலைபேசி உரையாடல் எதையும் அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இணைய மோசடிகளைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவு விசாரிக்கிறது. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 101க்கு அழைத்து இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவிடம் கேட்கலாம்.

உதவாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். அந்தப் பயம் எனக்கும் எப்போதும் உண்டு, அது இருக்கவும் வேண்டும். ஆனால் மச்சை மாற்றுச் சிகிச்சைக்காகப் பணம் சேர்க்கிற குடும்பத்துக்கு உங்கள் பணம் இன்று மாலை வருவதற்கும் மூன்று நாள் கழித்து வருவதற்கும் இடையில் பிள்ளையின் உயிர் போகாது. அந்த மூன்று நாளில் இரண்டு தொலைபேசி அழைப்பும் மஹரகமவுக்கு ஒரு தடவை போய் வருவதும் முடிந்துவிடும். குழுவில் இப்போதைக்கு இப்படி எழுதலாம்: "இந்தப் பிள்ளையின் குடும்பத்தை நேரில் பார்க்கப் போகிறோம். அதுவரை யாரும் இதை வேறு குழுக்களுக்கு அனுப்ப வேண்டாம். கொடுக்க விரும்புகிறவர்கள் தொகையை மட்டும் எனக்குச் சொல்லி வையுங்கள்." யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை, கொடுக்க நினைத்தவர்களின் மனமும் ஆறிப்போகாது. போய்ப் பார்த்துக் குடும்பம் உண்மை என்று தெரிந்தால், பழைய செய்தியை மறுபடி அனுப்பாமல் புதிதாக ஒன்று எழுதுங்கள். யார் எப்போது நேரில் பார்த்தார்கள், எந்தத் திகதி நிலவரம், இன்னும் எவ்வளவு தேவை, நேரடியாகக் கட்ட எந்த நோயாளி இலக்கம் என்று அதில் இருக்கட்டும். தேவையான தொகை சேர்ந்ததும் "சேர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்ற செய்தியையும் அதே குழுக்களுக்கு நீங்களே அனுப்புங்கள்.